மிளகாய் மில்லும் ஒரு காப்புவாசகமும்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தும்மாமல் தூங்குவது மனிதருக்குள்ள அடிப்படை உரிமை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அரசியலமைப்பில் தேடிப் பார்த்தேன், இல்லை. சிந்திக்கும் சுதந்திரம் இருக்கிறது, தும்மாதிருக்கும் சுதந்திரம் இல்லை. அதை எழுதியவர்கள் யாரும் மிளகாய் மில்லுக்குப் பக்கத்தில் குடியிருக்கவில்லை போலும்.

நான் சட்டத்தரணி. மாத்தளை நீதிமன்றத்துக்குக் கிட்ட ஓர் அறை வைத்திருக்கிறேன். வீடு மட்டும் உக்குவளை போகும் பக்கமாக, வீதியோரத்தில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு நானாவின் மில்; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். மிளகாய், மல்லி, மிளகு, மஞ்சள், கோப்பி என்று எதைக் கொடுத்தாலும் அரைத்துக் கொடுப்பார். அவருடைய வாப்பா தொடங்கிய மில் அது. நானாவுக்கு வேறு தொழில் இல்லை. அவரும் மனைவியும் தம்பியும் காலையிலிருந்து அங்கேதான் சிவப்புத் தூளில் முங்கி எழுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபடும்வரைக்கும் மெஷின் நிற்காது, ஏனென்றால் தேயிலைத் தோட்டத்துச் சனம் டவுனுக்கு இறங்கும் நாள் அதுதான்.

மதிலுக்கு மேலால் எட்டி நான் சண்டை பிடிப்பேன்.

"நானா, மனுசர் தூங்குறதா இல்லையா?"

"இதுதான் மிஸ் கடைசி மூட்டை."

எந்த ஞாயிற்றுக்கிழமையும் எந்த நேரத்தில் கேட்டாலும் அது கடைசி மூட்டையாகவே இருந்தது. ஒரு நாளில் அத்தனை கடைசி மூட்டைகள் இருக்கக்கூடும் என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் மதிலைச் சுற்றி வாசல் வழியாகவே வந்தார். கையில் பிரதேச சபையிலிருந்து வந்த கடிதம். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"மில்ல மூடச் சொல்லப் போறாங்க போல மிஸ். லைசன் புதுப்பிக்க மாட்டாங்களாம். விசாரணைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

உண்மையைச் சொல்கிறேன், என் மனசுக்குள் ஒரு துள்ளல் துள்ளியது. வேண்டாத தெய்வமெல்லாம் வேண்டியது வீண்போகவில்லை என்று நினைத்தேன். முகத்தை மட்டும் அனுதாபமாக வைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கி வாசித்தேன். வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. மில்லின் மேல் அல்ல, கடிதத்தின் மேல்.

வீதிக்கு எதிர்ப்பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருந்தார். அவர் சொன்னதையே கடிதமும் சொல்லியது: மிளகாய் அரைத்தல் அட்டவணையில் உள்ள தொழிலாகையால், அட்டவணையின்படி இந்த இடத்தில் நடத்த முடியாது. பிரிவு எது என்று ஒரு வார்த்தை இல்லை. அட்டவணையின்படியாம்! ஆளை அடிப்பதென்றால் அடிக்கட்டும், தடி எது என்றாவது சொல்ல வேண்டாமா? பிழையான வாசிப்பைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. பக்கத்து வீட்டுக்காரன் மில் மூடப்படுவதைக்கூட மன்னிப்பேன், அட்டவணையை வைத்து மூடுவதை மன்னிக்க மாட்டேன். இப்படித்தான் வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டேன்.

சபையில் போய்த் துணைவிதியின் முழுப் பிரதியையும் எடுத்து வந்தேன். துணைவிதி என்பது சபை தன் எல்லைக்குள் போட்டுக்கொள்ளும் சட்டம். உருவத்தில் சிறியதானாலும் பாராளுமன்றம் போடும் சட்டத்துக்கு உள்ள அதே எலும்புக்கூடுதான். முதலில் பிரிவுகள், பிரிவுகளுக்கு அடியில் காப்புவாசகமும் விளக்கமும், கடைசிப் பக்கங்களில் சொற்களுக்குப் பொருள் சொல்லும் பொருள்கோடல் பிரிவு, எல்லாவற்றுக்கும் பின்னால் அட்டவணை. சபைக்குப் போகிற ஆட்களுக்கு அதில் வால் மட்டும்தான் தெரியும். எந்தத் தொழிலுக்கு லைசன் எடுக்க வேண்டும் என்ற அட்டவணைதான் அறிவித்தல் பலகையில் தொங்கும். அதைப் பார்த்துவிட்டு வந்து துணைவிதியை வாசித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வார்கள். அதிபரும் அதைத்தான் போட்டோ பிடித்துக்கொண்டு போயிருந்தார்.

மறுநாள் மில்லுக்குள்ளேயே போய் உட்கார்ந்தேன். மெஷினை நிறுத்தச் சொன்னேன். என் வாழ்நாளில் முதல்முறையாக அவர் உடனே நிறுத்தினார்.

"முதல்ல இந்த அட்டவணை. இதில உங்க தொழில் இருக்கு. மிளகாயும் வாசனைத் திரவியங்களும் அரைத்தல்."

"அப்போ முடிஞ்சுதா மிஸ்?"

"அட்டவணை தானா ஒண்ணும் செய்யாது நானா. ஒரு பிரிவு இதைக் கூப்பிட்டு வேலை வாங்கினாத்தான் இதுக்கு உயிர்."

 அவர் சுவரில் இருந்த போர்டைக் காட்டினார். மிளகாய், மல்லி, மஞ்சள், கோப்பி என்று அதில் எழுதியிருந்தது.

"அப்போ இந்தப் போர்ட் மாதிரி. போர்டா அரைக்குது? மெஷின்தானே அரைக்குது."

சட்டக் கல்லூரியில் எனக்கு இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லித் தரவில்லை. மெஷின் எங்கே என்று தேடினோம். இரண்டு பிரிவுகள் அட்டவணையைக் கூப்பிட்டன. ஒன்று, அட்டவணையில் குறிப்பிட்ட தொழிலை அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் நடத்தக்கூடாது என்றது. அது நானாவைத் தொடவில்லை, அவர் ஒவ்வொரு வருடமும் ஒழுங்காக எடுத்து வந்தவர். மற்றது, வதிவிடப் பகுதியில் அப்படிப்பட்ட தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கவோ புதுப்பிக்கவோ கூடாது என்றது. அதுதான் தடி. எங்கள் வீதி வதிவிடப் பகுதிதான், சபை அறிவித்திருந்தது.

நானாவின் முகம் கறுத்தது. "இது நேரா நெஞ்சுக்கு வருதே."

"முற்றுப்புள்ளி வரைக்கும் வாசிக்காமச் சாகாதீங்க" என்றேன்.

அந்த வசனம் முற்றுப்புள்ளியில் முடியவில்லை. முக்காற்புள்ளி போட்டு, அடுத்த வரியில் 'ஆயின்' என்று தொடங்கியது. அப்படித் தொடங்குவதுதான் காப்புவாசகம். மேலே உள்ள பிரிவு எல்லாருக்கும் கதவைச் சாத்தும், காப்புவாசகம் ஒரு சிலருக்கு மட்டும் சின்னதாகத் திறந்துவிடும். எந்தப் பிரிவுக்கு அடியில் நிற்கிறதோ அந்தப் பிரிவிலிருந்துதான் அது வெட்டி எடுக்கும், வேறு எங்கும் போய்த் திறக்காது. திறக்கும்போதும் சும்மா திறக்காது, நிபந்தனை கேட்கும். இது கேட்டது இரண்டு. இந்தத் துணைவிதி நடைமுறைக்கு வருமுன்பே அதே வளவில் நடந்துவந்த தொழிலாக இருக்க வேண்டும். அயல் இருப்பாட்சியாளர் எவரும் எழுத்துமூலம் ஆட்சேபிக்காதிருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கலாம்.

"வாப்பா காலத்து மில் மிஸ். முதலாவது சரிதானே?"

அங்கேதான் ஒரு சிக்கல். வாப்பா காலத்தில் மெஷின் வீதியோரக் கடைக்குள் இருந்தது. பிறகுதான் பின்னால் கொட்டில் போட்டு அங்கே மாற்றினார்கள். கொட்டில் புதிது, அதனால் இது அதே இடம் அல்ல என்று அதிபர் முறைப்பாட்டில் எழுதியிருந்தார். ஆள் கெட்டிக்காரர்தான். ஆனால் துணைவிதி 'இடம்' என்று சொல்லவில்லை, 'வளவு' என்று சொல்லியது. வளவு என்றால் என்ன என்று நீங்களும் நானும் அடித்துக்கொள்ளத் தேவையில்லை. அதற்குத்தான் பொருள்கோடல் பிரிவு இருக்கிறது. சந்தர்ப்பம் வேறுவிதமாக வேண்டினாலன்றி, அது கொடுக்கும் பொருள்தான் துணைவிதி முழுவதற்கும். வளவு என்பது கட்டிடத்தையும் அதனோடு சேர்ந்த காணியையும் அதிலுள்ள கொட்டில்களையும் உள்ளடக்கும் என்று அங்கே இருந்தது. கடையும் கொட்டிலும் ஒரே காணி, ஒரே வளவு. முதல் நிபந்தனை முடிந்தது.

"ரெண்டாவது? அந்த அதிபர் சேர்தான் எழுத்தில கொடுத்திட்டாரே."

காப்புவாசகத்துக்குக் கீழே 'விளக்கம்' என்று ஒரு பந்தி இருந்தது. விளக்கம் புதிதாக எதையும் கட்டளையிடாது, கதவைத் திறக்கவும் சாத்தவும் மாட்டாது. மேலே சொன்னதில் சந்தேகம் வரக்கூடிய இடத்தில் விளக்குப் பிடிக்கும், அதுவும் அந்த ஒரு பிரிவுக்கு மட்டும். இந்த விளக்கம் சொன்னது: அயல் இருப்பாட்சியாளர் என்பவர் அந்த வளவோடு பொது எல்லையுள்ள காணியில் வசிப்பவர், இடையில் பொது வீதி இருந்தால் அது பொது எல்லையாகாது.

நான் தொடையில் தட்டினேன். அதிபர் வீடு வீதிக்கு அந்தப் பக்கம். அவர் அயலவர்தான், ஆனால் சட்டத்தின் அயலவர் அல்ல. அவருடைய ஆட்சேபணையைத் தூக்கி அரைக்கிற மெஷினில் போடலாம். நானாவுக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது. நான் எழும்பி நிற்கும்போது தும்மினேன். அதைக்கூட அன்று சந்தோஷமாகத் தும்மினேன்.

விசாரணை சபைச் செயலாளரின் அறையில். அவர் ஒரு சிங்களப் பெண்மணி, மாத்தளை டவுனில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். மேசைக்கு ஒரு பக்கம் நானாவும் நானும், மற்றப் பக்கம் அதிபர், போட்டோப் பிரதியோடு. செயலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மிஸ் லோயரா வந்தீங்களா? அப்படின்னா அதுக்குரிய பேப்பர் எல்லாம் தரணுமே."

"இல்ல மேடம். நான் அடுத்த வீட்டுக்காரியா ஒரு உதவிக்கு வந்தேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அந்த நேரம் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

வாதம் என் கையில் எண்ணெய் போட்டதுபோல் ஓடியது. அதிபர் அட்டவணையை விரித்தார்.

"தெளிவா இருக்குங்க. மிளகாய் அரைக்கிறது இதில வருது. எத்தனையோ வருசம் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த ஆள் நான்."

"கடைசிப் பக்கத்திலிருந்து கற்றுக்கொடுக்கலையே சேர்" என்றேன். செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார், சிரித்திருக்க வேண்டும். பிரிவைக் காட்டினேன். காப்புவாசகத்தைக் காட்டினேன். கொட்டிலுக்கு வளவைக் காட்டினேன். கடைசியில் ஒரு வித்தைக்காரி போல விளக்கத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

"பொது எல்லை இருக்கணும் மேடம். இடையில வீதி. சேர் ஆட்சேபிக்க ஏலாது."

செயலாளர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, "சரிதான்" என்றார். நான் நாற்காலியில் சாய்ந்தேன்.

அதிபர் பிரதியைத் தன் பக்கம் இழுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல்முறையாக அந்த விளக்கத்தை வாசித்தார். அவசரப்படாமல், பரீட்சைத் தாள் திருத்துகிற நிதானத்தோடு வாசித்தார்.

"அப்போ பொது எல்லை யாருக்கு இருக்குங்க மிஸ்?"

"என்ன சேர்?"

"மில்லுக்குப் பின்பக்கம் ரயில் பாதை. அங்க யாரும் வசிக்கல. ஒரு பக்கம் வாய்க்கால். முன்னால வீதி, அது எல்லை இல்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க. மற்றப் பக்கம் யாருங்க?"

அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த விளக்கத்தை நான் எத்தனை தரம் வாசித்தேன் தெரியுமா? ஒவ்வொரு தரமும் யாரை அது வெளியே தள்ளுகிறது என்று பார்த்தேனே ஒழிய, யாரை உள்ளே விடுகிறது என்று பார்க்கவில்லை. கட்சிக்காரர் பக்கத்திலிருந்து மட்டும் வாசித்துப் பழகியவர்களுக்கு வரும் வியாதி இது. மில்லை நிறுத்தக்கூடிய ஒரே ஆள் மதிலுக்கு இந்தப் பக்கம் தும்மிக்கொண்டிருந்த நான்தான். அதைக் கண்டுபிடிக்க நானே பாடுபட்டு, நானே மேசையில் கொண்டுவந்து வைத்திருந்தேன்.

செயலாளர் பேனாவை எடுத்தார். "அடுத்த வீட்டுக்காரியா வந்தேன்னு சொன்னீங்க. நான் கேட்கத்தானே வேணும். உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?"

நான் வாய் திறக்குமுன் நானா திறந்தார். "மிஸ் எத்தனையோ தரம் சொல்லியிருக்காங்க மேடம். நான்தான் கேட்கல்ல."

இப்படிப்பட்ட கட்சிக்காரரை வைத்துக்கொண்டு யாரும் வழக்குப் பேச முடியாது. மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். அவர் மெல்ல இழுத்துக்கொண்டார்.

"எழுத்தில தந்தீங்களா?" என்று செயலாளர் கேட்டார்.

"இல்ல. எல்லாம் மதிலுக்கு மேலாலதான்."

"அது கணக்கில்ல. காப்புவாசகம் எழுத்துமூலம்னு கேட்குது. ஆனா விசாரணை இன்னும் முடியல்ல. தரணும்னா இப்பவும் தரலாம்."

ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். அதிபர் மெதுவாக, "எழுதுங்க மிஸ், ரெண்டு வீட்டுக்கும் நல்லது" என்றார். அவர் சொன்னதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அவருடைய மனைவிக்கு மூச்சிழுப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஞாயிற்றுக்கிழமை மட்டுமல்ல, எல்லாக் கிழமையும் அமைதி. சட்டைகளைக் கொடியில் காயப்போட்டுச் சிவக்காமல் எடுக்கலாம். ஒரே வரி எழுதினால் போதும், சட்டப்படி ஒருவரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது. நானாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மிளகாய் ஏறி நிறம் போகாத தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சியிருந்தால் எனக்கு எரிச்சல் வந்திருக்கும், ஒருவேளை எழுதியும் இருப்பேன். அவர் கெஞ்சவில்லை.

சட்டத்தரணிகள் இரண்டு பக்கமும் வெல்லப் பார்ப்போம். நானும் அப்படித்தான் எழுதினேன்:

'எனக்கு ஆட்சேபணை இல்லை: ஆயின், ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்குப் பின் மில் இயக்கப்படலாகாது. விளக்கம்: கடைசி மூட்டை என்பதும் மூட்டையாகவே கருதப்படும்.'

செயலாளர் வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தாளை என்னிடமே திருப்பித் தள்ளினார்.

"மிஸ், இது ஏலாது. ஆட்சேபணை இருக்கா இல்லையா, அதைத்தான் இந்தப் பிரிவு கேட்குது. சபை போட்ட விதிக்கு நீங்க ஒரு காப்புவாசகம் சேர்க்க ஏலாது. நிபந்தனை போட எனக்கும் இதில அதிகாரம் தரல்ல."

சரியாகத்தான் சொன்னார். என்னுடைய ஆயுதத்தாலேயே என்னை அடித்தார். அந்தத் தாளை இரண்டாகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டேன். புதுத் தாள் ஒன்றில், 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று மட்டும் எழுதிக் கையொப்பம் வைத்தேன். முற்றுப்புள்ளியைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தேன். எனக்கு என்மேலேயே கோபமாக இருந்தது, அதே நேரம் மனசு லேசாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வருவது எனக்கு அபூர்வம்.

அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்பட்டது. அதிபர் எழும்பும்போது, "வாசிப்பு நல்லாத்தான் இருக்குங்க மிஸ், முடிவு மட்டும்தான் சரியில்ல" என்றார். புள்ளி போட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. பிறகு நானாவிடம் தன் வீட்டைப் பார்த்த மில் சன்னல் பக்கமாக ஒரு தகரத் தடுப்புப் போடச் சொல்லிக் கேட்டார். நானா அந்தக் கிழமைக்குள்ளேயே போட்டுக் கொடுத்தார்.

வெளியே பஸ் தரிப்பில் நின்றோம். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்து அடக்கமான ஒரு முகத்தைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவர் கையை நீட்டினார்.

"அந்தக் கிழிச்ச தாளைத் தாங்க மிஸ்."

"எதுக்கு? அது செல்லாது. சட்டப்படி அது குப்பை."

"தெரியும். தாங்க."

கொடுத்தேன். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார், அதைப்பற்றி வேறு பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். சத்தம் வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மெஷின் பழுதாக்கும் என்று நினைத்தேன். அந்த நேரம் யாரோ ஒரு பெண் மில் வாசலில் நின்று கேட்பது மதிலுக்கு மேலால் கேட்டது, தோட்டத்துப் பேச்சு.

"என்னாங்க நானா, மூடிட்டீங்க? மல்லி கொஞ்சந்தாங்க இருக்கு."

"அரைக்க ஏலாதும்மா. பக்கத்து வீட்டு லோயர் மிஸ் சட்டம் போட்டிருக்காங்க. இந்தா, சுவத்தில ஒட்டியிருக்கு பாருங்க."

"மீறினா என்னா செய்வாங்க?"

"அதில தண்டனை ஒண்ணும் எழுதல்ல" என்றார் நானா. "அதாலதான் மீற ஏலாம இருக்கு."